எந்த டோஸுக்கு எந்த லெவல்?

சிறுநீரகம் மாற்றி வைத்துக்கொண்டவரின் ஃபைல் ஓராண்டுக்குள் தலையணை கனத்துக்கு வந்துவிடும். ஆரம்பத்தில் வாரம் இரண்டு முறைகூட ரத்தப் பரிசோதனை இருக்கும், பிறகு வாரம் ஒன்று, அப்புறம் மாதம் ஒன்று என்று குறையும். ஒவ்வொரு முறையும் லேப் சீட்டு, டாக்டர் எழுதிய தாள், மருந்துக்கடை ரசீது என்று மூன்று காகிதம் சேரும். கிரியாட்டினின் ஏறிவிட்டது என்று டாக்டர் பழைய கணக்கைக் கேட்கும்போது குடும்பமே ஃபைலைப் புரட்டிக்கொண்டு நிற்கும். இதையெல்லாம் ஒரே அட்டவணையில் எழுதி வைத்திருப்பவர்களும் உண்டு. ஆனால் அவர்கள் எழுதியதிலும் ஒரு குறிப்பிட்ட பிழை அடிக்கடி நுழைந்துவிடுகிறது.

பிழையைப் பார்க்கும் முன் டாக்ரோலிமஸ் என்ற மருந்தைப் பற்றிக் கொஞ்சம். உடலின் எதிர்ப்பாற்றல் புதுச் சிறுநீரகத்தை அந்நியப் பொருளாகக் கருதித் தாக்காமல் அடக்கிவைப்பதில் இதற்குத்தான் பெரிய பங்கு. ரத்தத்தில் இது குறைந்தால் உடல் சிறுநீரகத்தை நிராகரிக்கலாம். கூடினால் இந்த மருந்தே சிறுநீரகத்தைக் கெடுக்கும். இரண்டிலும் கிரியாட்டினின் ஏறும் என்பதுதான் சிக்கல். அதனால் கிரியாட்டினினை மட்டும் பார்த்தால் போதாது, பக்கத்தில் நோயாளிகள் 'டாக் லெவல்' என்று சொல்லும் அளவும் இருக்க வேண்டும். அந்த லெவலுக்கு அர்த்தம் வர, எந்த டோஸில் அது வந்தது என்பதும் தெரிய வேண்டும்.

லெவல் பார்க்கும் ரத்தத்தைக் காலை மாத்திரை போடுவதற்கு முன், முந்தைய இரவு மாத்திரைக்குச் சுமார் 12 மணி நேரம் கழித்து எடுப்பார்கள். ஆகவே அந்த எண் கடந்த சில நாட்களாகப் போட்டுவந்த டோஸின் விளைவு. ரிப்போர்ட்டோ பல இடங்களில் மறுநாள்தான் வரும். "நாளையிலிருந்து காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு போடுங்க" என்று ஃபோனில் சொல்வார்கள். வீட்டில் இருப்பவர் அந்த லெவலுக்குப் பக்கத்திலேயே புது டோஸை எழுதிவிடுவார். பிழை நுழைவது இங்கேதான். லெவல் பழைய டோஸுக்கு உரியது, பக்கத்தில் இருப்பதோ புது டோஸ்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். நோயாளி கற்பனை, எண்கள் நடைமுறையில் வரக்கூடியவை. மாற்றுச் சிறுநீரகம் வைத்துப் பத்து மாதம் ஆன ஒருவர், காலை 2, இரவு 2 மில்லிகிராம் டாக்ரோலிமஸ் போடுகிறார். அவருடைய வழக்கமான கிரியாட்டினின் 1.2.

| ரத்தம் எடுத்த நாள் | அதுவரை போட்ட டோஸ் | டாக் லெவல் | கிரியாட்டினின் | லெவல் ÷ ஒரு நாள் டோஸ் | வேறு மருந்து, நோய் | புது டோஸ், தொடங்கிய நாள் |
|---|---|---|---|---|---|---|
| மார்ச் 4 | 2+2 | 6.6 | 1.2 | 1.65 | இல்லை | மாற்றம் இல்லை |
| ஏப்ரல் 8 | 2+2 | 13.8 | 1.5 | 3.45 | ஃப்ளூகோனசோல், ஏப்ரல் 1 முதல் | 1+1, ஏப்ரல் 9 |
| ஏப்ரல் 15 | 1+1 | 7.1 | 1.3 | 3.55 | ஃப்ளூகோனசோல் ஏப்ரல் 14 வரை | மாற்றம் இல்லை |
| மே 6 | 1+1 | 3.2 | 1.3 | 1.6 | இல்லை | 2+2, மே 7 |
| மே 13 | 2+2 | 6.4 | 1.2 | 1.6 | இல்லை | மாற்றம் இல்லை |

டோஸுக்கு ஒரே பத்தி வைத்து, அதில் புது டோஸை எழுதியிருந்தால் மே 6 வரிசை எப்படித் தெரியும்? 2+2 போட்டும் லெவல் 3.2தான் என்று தெரியும். ஊருக்குப் போன இடத்தில் காய்ச்சல் வந்து வேறொரு டாக்டரிடம் இந்தத் தாளைக் காட்டினால், டோஸ் போதவில்லை என்றுதான் அவர் நினைப்பார். ஏப்ரல் 8 வரிசையில் 1+1 டோஸுக்கே 13.8 வந்ததாகத் தெரியும், இன்னும் குறைக்கத் தோன்றும். எண்கள் எல்லாம் சரியாக இருந்தும் அட்டவணை பொய் சொல்கிறது. 'அதுவரை போட்ட டோஸ்', 'புது டோஸ்' என்று இரண்டு பத்தி வைத்தால் இந்தக் குழப்பம் தீரும்.

நடுவில் இருக்கும் வகுத்தல் பத்தியைப் பல வீட்டு அட்டவணைகளில் பார்க்க முடியாது. எனக்கு இதுதான் அட்டவணையிலேயே அதிகம் பேசும் பத்தி. ஒரு நாளின் மொத்த டோஸால் லெவலை வகுத்தால், ஒரு மில்லிகிராம் மருந்துக்கு இந்த உடலில் எவ்வளவு லெவல் நிற்கிறது என்று கிடைக்கும். இது ஆளுக்கு ஆள் வேறுபடும், ஆனால் ஒரே ஆளுக்குப் பெரிதாக மாறக் கூடாது. ஏப்ரலில் இரண்டு முறையும் அது இரட்டிப்பாகியிருக்கிறது. அதாவது மருந்தை உடல் கையாண்ட விதமே மாறியிருக்கிறது. தோல் படைக்காக இன்னொரு டாக்டர் இரண்டு வாரம் கொடுத்த ஃப்ளூகோனசோல், டாக்ரோலிமஸைச் சிதைக்கும் நொதியைத் தடுத்துவிட்டது. அதனால் மருந்து ரத்தத்தில் தேங்கி, கிரியாட்டினினும் 1.5க்குப் போனது.

ஏப்ரல் 15 வரிசைதான் ஆபத்தானது. லெவல் 7.1 என்று பார்த்ததும் எல்லாம் சரியாகிவிட்டதாகத் தோன்றும். வகுத்த எண் இன்னும் 3.55இல் இருக்கிறது. படை மருந்தை நிறுத்தியது முந்தைய நாள்தான், அதன் தாக்கம் அடங்கச் சில நாட்களாகும். அடங்கியதும் அதே 1+1 டோஸில் லெவல் பாதியாகும் என்பதை அன்றே ஊகித்திருக்கலாம், ஒரு வாரத்தில் மறுபடி பார்த்திருக்கலாம். இங்கே மூன்று வாரம் போய்விட்டது. நிராகரிப்பு வராதது நல்வாய்ப்பு.

காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின் இதற்கு நேர் எதிர். மருந்து வேகமாகச் சிதைந்து லெவல் கீழே விழும். வயிற்றுப்போக்கு பலரை ஏமாற்றும். மருந்து உடம்பில் தங்காது என்று நினைப்போம், ஆனால் குடல் வழக்கமாகச் சிதைக்கும் பங்கு குறைவதால் லெவல் ஏறுவதே அதிகம். ஆகவே 'வேறு மருந்து, நோய்' பத்தியில் காய்ச்சல், பேதி, பக்கத்துக் கடையில் வாங்கிய ஆன்டிபயாடிக், நாட்டு மருந்து எல்லாம் தொடக்க, முடிவுத் தேதியோடு வர வேண்டும். டாக்ரோலிமஸின் பிராண்ட் மாறினாலும் இங்கேயே எழுதலாம். அதற்கு மருந்துக்கடை ரசீதுதான் சாட்சி, டாக்டர் தாளில் அது இருக்காது.

லெவல் எகிறியும் கிரியாட்டினின் அசையவில்லை, புது மருந்தும் இல்லை என்றால் முதலில் ரத்தம் எடுத்த நேரத்தைப் பாருங்கள். மறதியில் காலை மாத்திரையை விழுங்கிவிட்டு லேபுக்குப் போயிருந்தால் லெவல் தாறுமாறாக ஏறித் தெரியும். அந்த எண்ணை அழிக்க வேண்டாம், 'மாத்திரை போட்டபின் எடுத்தது' என்று பக்கத்தில் எழுதி, வகுத்தல் பத்தியைக் காலியாக விடுங்கள். லேப் மாறினாலும் குறியுங்கள். சோதனை முறை வேறானால் ஒரே ரத்தத்துக்கு வேறு எண் வரலாம்.

பழைய ஃபைலிலிருந்து அட்டவணை போடுபவர்கள் லேப் சீட்டுகளைத் தேதிவாரியாக அடுக்கிக்கொண்டு தொடங்கலாம். டோஸ் தெரியாத நாளுக்கு முந்தைய வரிசையைப் பார்த்து நிரப்பக் கூடாது. காலியாக இருக்கும் கட்டத்தைப் பார்த்தால் டாக்டர் கேட்பார், ஊகித்து எழுதிய எண்ணை நம்பிவிடுவார்.

அட்டவணையை வைத்து வீட்டிலேயே டோஸை மாற்றக் கூடாது. லெவல் சரியாக இருந்தும் கிரியாட்டினின் ஏறலாம். சிறுநீர்க்குழாய் அடைப்பு, கிருமித்தொற்று, நிராகரிப்பு எல்லாமே காரணமாகலாம், சில சமயம் சிறுநீரகத்திலிருந்து துணுக்கு எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். லெவல் குறைவாக இருப்பதும் எப்போதும் தவறல்ல. பிகே என்ற வைரஸ் தலைகாட்டினால் டாக்டரே வேண்டுமென்று குறைத்துவைப்பார். எனவே லெவல் எதற்கும் எதற்கும் இடையில் இருக்க வேண்டும் என்று டாக்டரிடமே கேட்டு, தேதியோடு தாளின் தலையில் எழுதிக்கொள்ளுங்கள். மாதங்கள் போகப்போக அந்த இலக்கையும் அவர் இறக்குவார். அப்போது பழையதை அடித்துவிட்டுப் பக்கத்தில் புதியதை எழுதினால் போதும்.