நீர் ஊற்றினால் அமிலம் காரமாகுமா?

கரைசலில் உள்ள ஹைட்ரஜன் அயனிகளின் செறிவைச் சுருக்கமாகச் சொல்லும் எண்ணே pH. டென்மார்க் வேதியியலாளர் சோரன்சென் 1909இல் இதை அறிமுகப்படுத்தினார். 25 டிகிரி செல்சியஸில் தூய நீரின் pH 7. அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். இந்த எண் ஒன்று கூடினால் அயனிச் செறிவு பத்தில் ஒரு பங்காகக் குறைகிறது. தேர்வில் பலர் தடுமாறுவது இங்கேதான்.

pH 3 உள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் 10 மில்லிலிட்டர் எடுத்து, நீர் சேர்த்து 1000 மில்லிலிட்டர் ஆக்குவதாகக் கொள்வோம். செறிவு நூறில் ஒரு பங்காகிறது. pH 5 ஆகிறது. அதை மேலும் ஆயிரம் மடங்கு நீர்த்தால் விடை 8 என்று எழுதத் தோன்றும். அது தவறு. அந்த நிலையில் அமிலம் தரும் அயனிகளைவிட நீரே தரும் அயனிகள் அதிகம். எனவே pH ஏறத்தாழ 6.98இல் நிற்கும். எவ்வளவு நீர்த்தாலும் அமிலம் காரமாகாது.

நிறங்காட்டிகளிலும் இதே கவனம் தேவை. மஞ்சள் தூள் காரத்தில், உதாரணமாகச் சோப்பு நீரில், செந்நிறமாகும்; எலுமிச்சைச் சாற்றிலும் தூய நீரிலும் மஞ்சளாகவே இருக்கும். பினாப்தலீன் அவ்விரண்டிலும் நிறமற்றது. pH சுமார் 8.2ஐத் தாண்டிய பிறகே இளஞ்சிவப்பாகத் தொடங்கும். ஆகவே “பினாப்தலீன் நிறம் மாறவில்லை” என்ற வினாவுக்கு “அமிலம்” என்று மட்டும் எழுதுவது முழு விடையல்ல. நீல லிட்மஸ் சிவப்பானால்தான் அமிலம் என்பது உறுதி.