பில் கையில், வரி வேறொருவர் கணக்கில்

ஓர் உதாரணத்திலிருந்து தொடங்குவோம். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி. அப்பா தன் பெயரில் நடத்தும் பழைய நிறுவனம் ஒன்று. மகன்கள் பங்குதாரர்களாகச் சேர்ந்து தொடங்கிய புதியது ஒன்று. இரண்டும் ஒரே கட்டடத்தில் இருக்கின்றன, பெயரிலும் ஒரு சொல்தான் வித்தியாசம். 2025 ஜூன் 18 அன்று புதிய நிறுவனத்துக்காக ஒரு கம்ப்ரசர் வாங்குகிறார்கள். விலை 4,00,000 ரூபாய், 18 சதவீத ஜிஎஸ்டி 72,000 ரூபாய். சப்ளையரின் கணக்காளர் டேலியில் பல வருடமாக இருக்கும் பழைய லெட்ஜரைத் தட்டி பில் போட்டுவிடுகிறார். பில்லில் பெயர் திருத்தப்பட்டிருக்கிறது. ஜிஎஸ்டி நம்பர் மட்டும் அப்பாவுடையது.

அந்த 72,000 ரூபாயை மகன்கள் தாங்கள் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம். கடைத்தெருவில் இதை 'இன்புட்' என்பார்கள். ஆனால் ஜூலை 14 அன்று போர்ட்டலில் வரும் GSTR-2B பட்டியலில் அந்தப் பில்லைக் காணோம். 2022 ஜனவரி 1 முதல் சட்டம் இதில் கறாராக இருக்கிறது: சப்ளையர் தன் GSTR-1 கணக்கில் உங்கள் எண்ணைப் போட்டுத் தாக்கல் செய்து, அது உங்கள் பட்டியலில் வந்தால்தான் இன்புட். பணம் கொடுத்ததற்கு ரசீது இருப்பது, சரக்கு வந்து சேர்ந்தது, இவை மட்டும் போதாது.

பில்லில் உள்ள மற்றப் பிழைகளுக்கு விதி கொஞ்சம் இளகிக் கொடுக்கிறது. எல்லா விவரமும் இல்லாவிட்டாலும் வரித்தொகை, சரக்கின் விவரம், மொத்த மதிப்பு, விற்றவர் எண், வாங்கியவர் எண், பிற மாநில விற்பனையானால் சரக்கு சேரும் மாநிலம் ஆகியவை இருந்தால் இன்புட் எடுக்கலாம் என்கிறது விதி 36. ஆக முகவரியில் தெருப்பெயர் தவறினால் பாதகமில்லை. வாங்கியவர் எண் தவறினால் அந்தச் சலுகையும் இல்லை.

எண் யாருடையது என்று கண்டுபிடிப்பது எளிது. பதினைந்து எழுத்தில் முதல் இரண்டும் மாநிலம், தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்தும் பான் எண். அதனால் மொத்தத்தில் ஆறாவதாக வரும் எழுத்தே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும்: தனிநபர் என்றால் P, பங்குதாரர் நிறுவனம் என்றால் F, கம்பெனி என்றால் C. மகன்களுக்கு வரவேண்டிய பில்லில் ஆறாவது எழுத்து P என்றிருந்தால் சரக்கை இறக்கும்போதே கேட்டுவிடலாம். கடைசி எழுத்து முன்னுள்ள பதினான்கையும் சரிபார்க்கும் எழுத்து. வெறும் தட்டச்சுப் பிழைகள் பெரும்பாலும் அங்கேயே சிக்கிக்கொள்ளும். சிக்காமல் போகும் தவறான எண் யாரோ ஒருவருடைய உண்மையான எண். அநேகமாக உங்கள் குடும்பத்திலேயே ஒருவருடையது, அல்லது வேறு மாநிலத்தில் உள்ள உங்கள் கிளையுடையது.

இப்போது நம்மவர்கள் செய்வது சப்ளையருக்குப் போன் போட்டு, "அண்ணே, நம்பர் தப்பா இருக்கு, பில்லை மாத்திக் குடுங்க" என்பது. அவரும் அதே நம்பர், அதே தேதியில், எண்ணை மட்டும் திருத்தி ஒரு பிடிஎஃப் அனுப்புகிறார். வேலை முடிந்தது என்று இருவரும் நினைக்கிறார்கள். முடியவில்லை. காகிதம் மாறியது, தாக்கல் செய்த கணக்கு மாறவில்லை. ஒரே பில்லுக்கு இரண்டு பிரதிகள் உலவுவது, பின்னால் அதிகாரி கேட்கும்போது கூடுதல் தலைவலிதான்.

என்ன கேட்க வேண்டும் என்பது தவறு எப்போது கண்ணில் பட்டது என்பதைப் பொறுத்தது. மாதாமாதம் கணக்குக் கொடுக்கும் சப்ளையர் ஜூன் மாத GSTR-1-ஐ ஜூலை 11-க்குள் தாக்கல் செய்ய வேண்டும். அதற்கு முன்பே தெரிந்துவிட்டால் பழைய பில்லை ரத்து செய்து, புது எண்ணில் புதுப் பில் போடச் சொல்லலாம். ஆண்டு விற்றுமுதல் 5 கோடியைத் தாண்டிய சப்ளையர் என்றால் அவர் போடுவது இ-இன்வாய்ஸ். அதைப் போர்ட்டலில் 24 மணி நேரத்துக்குள் மட்டுமே ரத்து செய்ய முடியும். பிறகு திருத்தம் GSTR-1 வழியாகத்தான்.

தாக்கல் முடிந்தபின் தெரிந்தால், அடுத்த மாத GSTR-1-இல் 9A என்ற அட்டவணையில் அந்தப் பில்லை எடுத்து, வாங்கியவர் எண்ணை மாற்ற வேண்டும். அதே மாதத்தைத் திருத்த 2024-இல் வந்த GSTR-1A என்ற படிவம் இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். அதில் வாங்கியவர் எண்ணை மாற்ற இடமில்லை. நம் உதாரணத்தில் ஜூலை மாதக் கணக்கு ஆகஸ்ட் 11-க்குள் போகும், ஆகஸ்ட் 14 அன்று மகன்கள் பட்டியலில் பில் வரும், ஆகஸ்ட் 20-க்குள் கொடுக்கும் GSTR-3B-இல் இன்புட் எடுக்கலாம். 72,000 ரூபாய் ஒரு மாதம் முடங்கியதே இழப்பு.

ஆகவே போன் போட்டதோடு நிற்காமல் ஒரு கடிதமோ மின்னஞ்சலோ அனுப்புவது நல்லது. இப்படி எழுதினால் போதும்:

"ஐயா, உங்கள் 18.06.2025 தேதியிட்ட பில்லில் (மதிப்பு 4,00,000, வரி 72,000) எங்கள் எண்ணுக்குப் பதிலாக வேறு எண் அச்சாகியுள்ளது. இரண்டு எண்களையும் கீழே தந்துள்ளோம். எங்கள் பதிவுச் சான்றிதழும் கொள்முதல் ஆர்டரும் இணைப்பில் உள்ளன. ஜூலை மாத GSTR-1-இல் அட்டவணை 9A வழியாக எண்ணைத் திருத்தி, திருத்திய பில்லை அனுப்பி, உங்கள் லெட்ஜரிலும் மாற்றிவிடும்படி கேட்டுக்கொள்கிறோம். தொகையிலும் வரியிலும் மாற்றம் இல்லை."

கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். சப்ளையர்கள் தயங்குவது பெரும்பாலும் திரும்ப வரி கட்ட நேருமோ என்ற பயத்தில்தான். அவர் கட்டிய வரி அப்படியே இருக்கிறது, அது யார் பெயரில் என்பது மட்டுமே மாறுகிறது. எண் வேறு மாநிலக் கிளையுடையது என்றால் மட்டும் கதை வேறு: வரியின் வகையே மாறிப் போயிருக்கலாம். அதை ஆடிட்டரிடம் விட்டுவிட வேண்டும்.

அப்படியும் இழுத்தடித்தால், பில் பட்டியலில் வரும்வரை வரித்தொகையை மட்டும் நிறுத்திவைப்பது வியாபாரத்தில் உள்ள வழக்கம். இதற்கும் எல்லை உண்டு. பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் வரியோடு சேர்த்துப் பணம் கொடுக்காவிட்டால், எடுத்த இன்புட்டைத் திருப்ப வேண்டிவரும்.

அப்பாவின் பக்கத்தையும் பார்க்க வேண்டும். அவர் பட்டியலில் வந்த கம்ப்ரசர் பில்லை அவருடைய கணக்காளர் கவனிக்காமல் இன்புட்டாக எடுத்திருந்தால் திருப்ப வேண்டும். எடுத்ததைப் பயன்படுத்தியும் இருந்தால் ஆண்டுக்கு 18 சதவீத வட்டி சேரும். குடும்பத்துக்குள்தானே என்ற சமாதானம் இங்கே செல்லாது. சட்டத்தின் கண்ணில் அவர்கள் இரண்டு தனித்தனி வரிதாரர்கள்.

2025-26 நிதியாண்டின் பில்லைத் திருத்தவும் இன்புட் எடுக்கவும் கடைசி நாள் 2026 நவம்பர் 30. ஆண்டுக் கணக்கை அதற்கு முன்பே கொடுத்துவிட்டால் அந்த நாள். ஆனால் நவம்பர் 30 வரை காத்திருப்பவர் தோற்பார். சப்ளையர் நவம்பர் 11-க்குள் கொடுக்கும் அக்டோபர் மாதக் கணக்கில் திருத்தினால்தான் 14-ஆம் தேதி பட்டியலில் வந்து, 20-ஆம் தேதிக் கணக்கில் ஏறும். கெடு தாண்டியபின் நீதிமன்றம் போய் வென்றவர்களும் உண்டு. ஆந்திரப் பிரதேச எண்ணுக்குப் பதிலாக உத்தரப் பிரதேச எண்ணைப் போட்டுவிட்ட பெண்டகிள் பிளான்ட் மெஷினரிஸ் வழக்கில், திருத்த அனுமதி தந்து 2021-இல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 72,000 ரூபாய்க்காக ரிட் மனு போடுவது கட்டுப்படியாகுமா என்பதை அவரவர் கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

திருத்தியாகிவிட்டது என்று சப்ளையர் சொன்னபின் GSTR-2B-ஐத் திறக்கும்போது, வழக்கமான B2B தாளில் மட்டும் தேடிவிட்டு இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். திருத்திய பில்கள் B2BA என்ற தாளில் வரும்.