தவறான முகவரிக்குப் போன 31 பாஸ்போர்ட்

2014 நவம்பர். பிரிஸ்பேன் ஜி20 மாநாட்டுக்கு வரவிருந்த 31 தலைவர்களின் பாஸ்போர்ட் எண், பிறந்த தேதி, விசா விவரங்களை ஆஸ்திரேலியக் குடிவரவுத் துறை ஊழியர் ஒருவர், ஆசியக் கோப்பைக் கால்பந்து அமைப்பாளர்களுக்கு அனுப்பிவிட்டார். அவுட்லுக் தானாக நிரப்பிய முகவரியை அவர் சரிபார்க்கவில்லை.

பெற்றவரே பிழையைச் சுட்டிக்காட்டினார். அஞ்சலை அழித்து, அழித்தவை சேரும் பெட்டியையும் காலி செய்தார். இந்த இரண்டாவது படியைக் கேட்கத்தான் பலர் மறக்கிறார்கள். வெளி நிறுவன முகவரிக்குப் போனதை அவுட்லுக்கின் ‘Recall’ திரும்பப் பெறாது. எழுதித்தான் கேட்க வேண்டும்:

“இன்று காலை 10.15க்கு வந்த அஞ்சல் தங்களுக்கானதல்ல. அதில் பிறரின் ரகசியத் தகவல் உள்ளது. தயவுசெய்து படிக்காமலும் யாருக்கும் அனுப்பாமலும், அழித்தவை பெட்டியிலிருந்தும் நீக்கி, நீக்கியதைப் பதிலில் உறுதிசெய்யுங்கள்.”

பழைய இணைப்பு இதனுடன் மறுபடி போகக் கூடாது.

அந்தத் தலைவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை என்று துறை முடிவெடுத்தது தவறு. 2015 மார்ச்சில் கார்டியன் நாளிதழ் அதை வெளிப்படுத்தியது.