கம்பிக்குப் பதில் ஃபைபர்: எந்த ஃபைபர், எத்தனை கிலோ?

மேலப்பாளையத்தில் குடோன் கட்டுகிறவர் யாராக இருந்தாலும், தரை போடும் நேரத்தில் இந்தப் பேச்சைக் கேட்க நேரலாம்: “கம்பி எதுக்கு பாய்? ஃபைபர் போட்டுருவோம். காசும் மிச்சம், நாளும் மிச்சம்.” அது பொய்யில்லை. உலகெங்கும் தொழிற்சாலைத் தரைகள் அப்படித்தான் போடப்படுகின்றன. ஆனால் ஃபைபர் என்ற ஒரே பெயரில் மூன்று வேறு சரக்குகள் விற்கின்றன. அவற்றில் ஒன்று கம்பி வலைக்கு மாற்றே இல்லை. விலை குறைந்தது அதுதான் என்பதால், தரையில் வந்து சேர்வதும் பெரும்பாலும் அதுதான்.

முதலில் வலையின் வேலை என்னவென்று பார்ப்போம். மண் மேல் கிடக்கும் தரையில் சரக்கின் பாரத்தைத் தாங்குவது கான்கிரீட்டின் கனமும், அதன் கீழே இடித்துக் கெட்டிப்படுத்திய கிராவலும். வலை வைப்பது வேறு காரணத்துக்காக. கான்கிரீட் காயும்போது சுருங்கும், சுருங்கினால் விரிசல் விடும். அந்த விரிசல் வாய் பிளக்காமல் வலை பிடித்துக்கொள்ளும். அதற்கு அது தரையின் மேல் பாதியில் இருக்க வேண்டும். வேலை நடக்கும் இடத்தில் போய்ப் பாருங்கள்: கவர் பிளாக் இருக்காது, ஆட்கள் வலை மேலேயே நடப்பார்கள், “ஊத்தும்போது தூக்கி விட்டுருவோம்” என்பார்கள். கடைசியில் வலை கிராவலோடு ஒட்டிக்கிடக்கும். அங்கே கிடக்கும் கம்பியால் மேலே வரும் விரிசலுக்குப் பயனில்லை. இழைகள் கான்கிரீட்டோடு கலந்து அடியிலிருந்து மேல் வரை பரவி நிற்பதால், வலையை விட்டு இழைக்குப் போவதில் நியாயம் இருக்கிறது.

இப்போது அந்த மூன்று சரக்குகள். முதலாவது, முடிபோல் மெல்லிய, 12 மில்லிமீட்டர் நீள பாலிபுரப்பிலின் இழை. சிமென்ட் மூட்டைக்கு ஒன்று என்று 125 கிராம் பாக்கெட்டில் வருவது இதுதான். ஒரு கனமீட்டருக்கு ஏறக்குறைய 900 கிராம் விழும். கான்கிரீட் ஊற்றிய முதல் சில மணி நேரத்துக்குத்தான் இது காவல். நம் ஊரில் அந்தக் காவலுக்கும் தேவை உண்டு. ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் காற்று ஈரக் கான்கிரீட்டின் மேல்தோலை உலர்த்தி, மாலைக்குள் நகக்கீறல் போல வெடிப்பு விழச் செய்துவிடும். அதை இந்த இழை குறைக்கும். கான்கிரீட் இறுகிய பிறகு விரிசலைப் பிடித்து நிறுத்தும் பலம் இதற்கு இல்லை. ஆகவே வலையின் இடத்தில் இதைப் போட முடியாது.

இரண்டாவது, 40 முதல் 60 மில்லிமீட்டர் நீளமுள்ள தடித்த செயற்கை இழை. கனமீட்டருக்கு 3 முதல் 6 கிலோ வரை போடுவார்கள். துருப்பிடிக்காது. ஆனால் நாட்கணக்கில் நிற்கும் பாரத்தில் மெல்ல நீளும், சூடு பட்டால் இளகும். மூன்றாவது, இரு முனையிலும் கொக்கி வளைத்த எஃகு இழை. நீளம் 50, 60 மில்லிமீட்டர், கனமீட்டருக்கு 20 முதல் 40 கிலோ. இந்த இரண்டும் போதிய அளவில் போட்டால் வலையின் வேலையைச் செய்யும். எவ்வளவு போதும் என்பதைக் கிலோ மட்டும் சொல்லாது. விரிசல் விட்ட பிறகும் அந்தக் கான்கிரீட் எவ்வளவு தாங்குகிறது என்று பார்க்கும் வளைவுச் சோதனை இருக்கிறது. அதன் சான்றிதழை இழை விற்பவரிடம் கேட்டு வாங்க வேண்டும். விரியாத கான்கிரீட்டின் வளைவு வலிமையில் 30 சதவீதமாவது எஞ்ச வேண்டும் என்பது, பிரிட்டன் கான்கிரீட் சங்கத்தின் டி.ஆர். 34 வழிகாட்டி 2003 பதிப்பில் வைத்த அளவு. நமது ஐ.எஸ். 456 இழையைச் சேர்க்க இடம் கொடுக்கிறது, வடிவமைப்புக்கு மட்டும் சிறப்பு நூல்களைப் பார்க்கச் சொல்லி விட்டுவிடுகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பாளையங்கால்வாய்ப் பாசனத்தில் இருந்த பழைய வயலில் 30 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலத்தில் ஒரு குடோன். தரையின் கனம் 150 மில்லிமீட்டர். மொத்தம் 90 கனமீட்டர் கான்கிரீட். 8 மில்லிமீட்டர் கம்பியை 150 மில்லிமீட்டர் இடைவெளியில் இரு திசையிலும் கட்டினால், ஒட்டு மேலேற்றையும் சேர்த்து மூன்றரை டன் கம்பி ஆகும். எஃகு இழை கனமீட்டருக்கு 25 கிலோ என்று முடிவானால் 2,250 கிலோ, அதாவது 20 கிலோ மூட்டையில் 113. ஆறு கனமீட்டர் ரெடிமிக்ஸ் வண்டி ஒன்றுக்கு 150 கிலோ, ஏழரை மூட்டை. வண்டிக்கு வண்டி காலி மூட்டையை எண்ணி வைத்தாலே பாதி ஏமாற்று நின்றுவிடும்.

மிச்சத்துக்கு ஒரு வாளியும் காந்தமும் போதும். வண்டி கொட்டத் தொடங்கும்போதும், நடுவிலும், முடிவிலும் பத்துப் பத்து லிட்டர் கான்கிரீட் எடுத்துத் தண்ணீரில் அலசி, காந்தத்தால் இழையைப் பொறுக்கி, உலர்த்தி நிறுங்கள். ஒவ்வொன்றிலும் 250 கிராம் பக்கத்தில் வர வேண்டும். மூன்றின் சராசரி 85 சதவீதத்துக்குக் கீழே போனால் அந்த வண்டியை ஏற்க வேண்டாம். ஒன்றில் நிறைய, ஒன்றில் கொஞ்சம் என்று வந்தால், மூட்டையை மொத்தமாகக் கவிழ்த்ததில் இழை உருண்டை கட்டியிருக்கிறது என்று பொருள். இழை விழுந்தால் கான்கிரீட் இறுக்கமாகத் தெரியும். உடனே டிரம்முக்குள் தண்ணீர்க் குழாயை நீட்டுவார்கள், அதை விடவே கூடாது. இளக்கத்துக்கு பிளாஸ்டிசைசர் இருக்கிறது.

இழை போட்டதால் விட்டுவிட முடியாதவையும் உண்டு. தரையை நாலு, நாலரை மீட்டருக்கு ஒரு கோடாக, 40 முதல் 50 மில்லிமீட்டர் ஆழத்துக்கு, அன்று இரவோ மறுநாள் காலையோ கட்டிங் போட்டே ஆக வேண்டும். லாரியும் ஃபோர்க்லிஃப்ட்டும் ஏறி இறங்கும் கட்டுமான ஜாயிண்டில் டவல் கம்பி வேண்டும். தூண் மூலைகளில் கம்பித்துண்டு வேண்டும். மாடித்தளம், தூண், பீம் ஆகியவற்றின் கம்பியைக் குறைக்க இந்தப் பேச்சைச் சாக்காக்க விடாதீர்கள். வயல் களிமண்ணைத் தோண்டி எடுக்காமல் மேலே தரை போட்டால், எந்த இழையும் அதன் அமிழ்தலைத் தடுக்காது. வெயில், காற்று உள்ள இடத்தில் குறைந்தது 10 நாள் கியூரிங் என்கிறது ஐ.எஸ். 456.

இன்னொன்று, மேலப்பாளையத்துக்கே உரியது. பீடி இலை பிரிக்கிறவர்கள், கட்டு அடுக்குகிறவர்கள் தரையில்தான் உட்காருவார்கள், செருப்பும் போடமாட்டார்கள். மேலே நீட்டிக்கொண்டிருக்கும் எஃகு இழை குத்தும். மேற்பரப்பில் ஃப்ளோர் ஹார்டனர் தூவி பவர் டிராவல் ஓட்டினால் இழை அமுங்கும். உட்கார்ந்து வேலை செய்யும் பகுதிக்குத் தடித்த செயற்கை இழையே நல்லது என்பேன்.

“ஃபைபர் தரை, சதுர அடிக்கு இவ்வளவு” என்று எழுதிய கொட்டேஷன் வழக்கில் நிற்காது. இழையின் வகை, நீளம், கனமீட்டருக்கு எத்தனை கிலோ, தரையின் கனம், ஜாயிண்ட் இடைவெளி, கியூரிங் நாள் எல்லாம் அதில் எழுத்தில் இருக்க வேண்டும். கடைசித் தவணையில் ஒரு பகுதியைச் சில மாதம் நிறுத்தி வைப்பதையும் அதிலேயே எழுதிக்கொள்ளுங்கள். தரை விரிந்த பிறகு சந்தேகம் வந்தால் கோர் வெட்டி எடுத்து உடைத்து, இழையைப் பிரித்து நிறுத்துப் பார்க்கலாம். அந்தச் சோதனையை அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில், ஒப்பந்ததாரருக்கு முன்கூட்டியே எழுத்தில் தெரிவித்துவிட்டுச் செய்யுங்கள்.

சொந்தத் தறியை வைத்துப் பிழைப்பவர் போட்ட தரை என்றால், சுயதொழில் வாழ்வாதாரம் என்ற விளக்கத்தின்படி 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் அவருக்குக் கைகொடுக்கும். கொடுத்த தொகை 50 லட்சம் வரை இருந்தால் மாவட்ட ஆணையத்துக்குப் போகலாம், 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. காலக்கெடு இரண்டு ஆண்டு. வழி கேட்க 1915 என்ற எண் இருக்கிறது. வாடகைக்கு விடும் பெரிய குடோன், கம்பெனி ஆகியவற்றுக்கு இந்தக் கதவு பெரும்பாலும் திறக்காது. அவர்கள் மூன்று ஆண்டுக்குள் உரிமையியல் நீதிமன்றம் போக வேண்டும். தகராறு 3 லட்சம் அல்லது அதற்கு மேல் இருந்து வணிக வழக்காக வந்தால், அவசர உத்தரவு கேட்காத வரை, முதலில் சட்டப்பணிகள் ஆணைக்குழு வழியாகச் சமரசப் பேச்சு நடத்தியே ஆக வேண்டும். எண்ணி வைத்த மூட்டைக் கணக்கும் எடை குறித்த தாளும் அங்கேயும் ஆவணம்தான்.