கழுத்து ரிப்புக்கு முன்னால் குவிந்த பண்டல்கள்

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் ஒரு வழக்கம் உண்டு. நன்றாகத் தைக்கிற டெய்லரைப் பிடித்து லைன் சூப்பர்வைசர் ஆக்கிவிடுவார்கள். ஒன்பது வருடம் ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்த கை ஒரு திங்கட்கிழமை காலையில் நோட்டும் பேனாவும் பிடிக்கும். ஐந்து மாதம் கழித்து, "லைன் ஓட்டத் தெரியலீங்க" என்று மேனேஜர் சொல்வார். அப்போதுதான் மனிதவளப் பிரிவிலிருந்து ஒரு படிவம் வரும். தலைப்பில் ‘தனிநபர் மேம்பாட்டுத் திட்டம்’ என்று இருக்கும்.

அந்தப் படிவத்தில் பெரும்பாலும் என்ன எழுதப்படுகிறது என்பதைப் பல கம்பெனிகளில் பார்த்திருக்கிறேன். குறைபாடு: லீடர்ஷிப், கம்யூனிகேஷன். நடவடிக்கை: இரண்டு நாள் பயிற்சி வகுப்பு. இலக்கு: லைன் எஃபிஷியன்சி 55 சதவீதம். இருவரும் கையெழுத்துப் போடுவார்கள், தாள் ஃபைலுக்குள் போய்விடும். இதைப் படித்துவிட்டு அந்தப் பெண் மறுநாள் காலை எட்டரை மணிக்கு லைனில் எதை மாற்றிச் செய்ய வேண்டும்? தாளில் அதற்குப் பதில் இல்லை.

வேறு விதமாக எழுதினால் எப்படி இருக்கும் என்று ஒரு லைனை வைத்தே பார்ப்போம். பல இடங்களில் கண்டதைச் சேர்த்து நான் அமைத்த உதாரணம் இது. 24 டெய்லர்கள், ரவுண்ட் நெக் டி-ஷர்ட், எட்டு மணி நேர ஷிப்ட். மணிக்குச் சுமார் 100 பீஸ் வருகிறது. இதே ஸ்டைலைத் தைக்கிற பக்கத்து லைனில் 132 வருகிறது. ஒரு டி-ஷர்ட்டுக்குக் கணக்கிடப்பட்ட வேலை நேரம் ஆறு நிமிடம் என்று வைத்துக்கொண்டால், முதல் லைனின் எஃபிஷியன்சி 42 சதவீதம். பக்கத்து லைனுடையது 55.

திட்டம் எழுதுகிறவர் முதலில் பேனாவை எடுக்கக் கூடாது. ஸ்டாப்வாட்சோடு மூன்று மணி நேரம் லைன் ஓரமாக நிற்க வேண்டும். நின்றால் தெரிவது இது: கழுத்து ரிப் வைக்கிற இரண்டு ஓவர்லாக் மெஷின்களுக்கு முன்னால் பண்டல்கள் குவிகின்றன. அங்கே ஒரு பீஸுக்கு 72 விநாடி ஆகிறது. ஆளுக்கு மணிக்கு 50, இருவருக்கும் சேர்த்து 100. லைன் மொத்தமும் மணிக்கு 100 ஏன் தருகிறது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. அதே நேரத்தில் சைடு ஓவர்லாக்கில் மூன்று பேர் இருக்கிறார்கள். பீஸுக்கு 45 விநாடி என்றால் ஆளுக்கு மணிக்கு 80, மூவருக்கும் 240. அவர்களுக்குப் பாதி நேரம் வேலையே இல்லை.

சூப்பர்வைசர் என்ன செய்கிறார்? குவியலை அவர் பார்க்கிறார். பார்த்ததும் ஒரு டெய்லரை எழுப்பிவிட்டுத் தானே மெஷினில் உட்கார்ந்து தைக்கிறார். வேகமாகத் தைப்பார், குவியல் கொஞ்சம் குறையும். அந்த இருபது நிமிடத்தில் வேறு இரண்டு இடங்களில் பிரச்சினை கிளம்பியிருக்கும். மூன்று மணி நேரத்தில் ஆறு முறை தேக்கம் வந்தது. நான்கு முறை தானே தைத்தார், ஒரு முறை மேனேஜரைக் கூப்பிட்டார், ஒரே ஒரு முறைதான் ஆளை மாற்றி உட்கார வைத்தார். ‘லீடர்ஷிப் குறைவு’ என்று எழுதப்பட்டதன் நிஜ உருவம் இந்த ஆறு நிகழ்வுகள்தான். நல்ல டெய்லராக இருந்ததே இங்கே அவருக்குத் தடையாகிறது என்பதையும் கவனியுங்கள். கைக்குத் தெரிந்த வேலைக்குள் கை தானாகவே ஓடிவிடுகிறது.

பார்த்ததெல்லாம் திறன் குறைபாடு ஆகிவிடாது. ராபர்ட் மேகர், பீட்டர் பைப் என்ற இருவர் 1970-இல் எழுதிய ஒரு சிறிய புத்தகம் இதைப் பிரிக்க ஒரு முரட்டுக் கேள்வியைத் தருகிறது: உயிர் போகும் என்ற நிலை வந்தால் இந்த ஆளால் இந்த வேலையைச் செய்ய முடியுமா? முடியும் என்றால் அங்கே குறைவது திறன் இல்லை. தகவலோ, பொருளோ, அதிகாரமோ, கூலியோ குறைகிறது. அதற்குப் பயிற்சி கொடுப்பது தலைவலிக்கு வயிற்று மருந்து கொடுப்பது மாதிரி.

நம் லைனை இந்தக் கேள்வியில் நிறுத்துவோம். தினமும் காலையில் நூலும் ரிப் துணியும் ஸ்டோரிலிருந்து வர 25 நிமிடம் தாமதமாகிறது. அது ஸ்டோரின் வேலை, இந்தத் தாளில் அதற்கு இடமில்லை. செக்கிங் டேபிளில் 100 பீஸுக்கு 14 பழுது வருகிறது. ஆனால் அந்தச் சீட்டு நேராகக் குவாலிட்டி ஆபீசுக்குப் போய், மாலையில்தான் சூப்பர்வைசர் காதுக்கு எட்டுகிறது. மணிக்கொரு தடவை சீட்டைக் கையில் கொடுத்தால் அவரால் சரிசெய்ய முடியும். ஆக, அதுவும் திறன் குறைபாடு இல்லை. பயிற்சிச் செலவில்லாமல் நாளைக்கே தீர்க்கக்கூடியது.

இரண்டு விஷயம் மட்டும் சல்லடையில் நிற்கின்றன. ஒன்று, எந்த மெஷினுக்கு எத்தனை ஆள் வேண்டும் என்று அவருக்குக் கணக்குப் போடத் தெரியவில்லை. சைடு ஓவர்லாக்கில் ஒருவரை எடுத்தாலும் மீதி இருவர் மணிக்கு 160 தருவார்கள், 132-க்கு அது தாராளம் என்பதை யாரும் அவருக்குச் சொல்லித்தரவில்லை. இரண்டு, பிறருக்குக் கற்றுத்தரத் தெரியவில்லை. கழுத்து ரிப் வைக்கத் தெரிந்தவர்கள் லைனில் இரண்டே பேர். ஒடிசாவிலிருந்து வந்த புதுப் பையன் தப்பாகத் தைத்தால், "இப்படிக் குடு" என்று பீஸைப் பிடுங்கித் தானே தைத்துக் கொடுத்துவிடுகிறார். பையன் ஒன்றும் கற்றுக்கொள்வதில்லை. இரண்டு குறையும் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கின்றன. கணக்கு தெரிந்தாலும், மாற்றி உட்கார வைக்க வேலை தெரிந்த மூன்றாவது ஆள் வேண்டுமே!

ஒரு தாளில் இரண்டு குறைக்கு மேல் எழுதக் கூடாது என்பது என் கட்சி. ஏழு எழுதினால் ஏழும் நடக்காது.

இப்போது இலக்கு. 55 சதவீதம் என்று எழுதத்தான் கை போகும். ஆனால் லைன் எஃபிஷியன்சி அவர் ஒருவர் கையில் இல்லை. புது ஸ்டைல் ஏறினால் முதல் இரண்டு மூன்று நாள் எந்த லைனும் படுக்கும். ஊரில் விசேஷம் என்றால் நான்கு பேர் வரமாட்டார்கள். அந்த எண்ணைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். இலக்காக எழுத வேண்டியது, அவர் செய்கையில் நேரடியாகத் தெரிவதை. நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

"ஒரு மெஷின் முன் இரண்டு பண்டலுக்கு மேல் சேர்ந்தால், 15 நிமிடத்துக்குள் ஆளையோ வேலையையோ மாற்றிக் கொடுப்பது. இன்றைய நிலை: 6 தேக்கத்தில் 1. ஆறாவது வாரம்: 5-இல் 3. பன்னிரண்டாவது வாரம்: 5-இல் 4. அளப்பவர்: மேனேஜர், இரு வாரத்துக்கு ஒருமுறை மூன்று மணி நேரம் லைனில் நின்று."

"சைடு ஓவர்லாக் டெய்லர்களில் இருவருக்குக் கழுத்து ரிப் கற்றுக்கொடுப்பது. இன்றைய நிலை: தெரிந்தவர் 2 பேர். பன்னிரண்டாவது வாரம்: 4 பேர். கற்றவர் என்று கணக்கில் எடுக்க, மணிக்கு 40 பீஸ், 100 பீஸுக்கு 3 பழுதுக்கு மேல் இல்லாமல், தொடர்ந்து மூன்று நாள்."

மணிக்கு 40 எங்கிருந்து வந்தது? பழைய இருவர் 100 தருகிறார்கள், தேவை 132. குறைகிற 32-ஐ புதியவர் தர வேண்டும். 40 இருந்தால் கொஞ்சம் மூச்சு விட இடமிருக்கும். இலக்கு எண் இப்படி வேலையிலிருந்து பிறக்க வேண்டும். ‘20 சதவீத முன்னேற்றம்’ என்ற எண்ணுக்கு அப்பா அம்மா கிடையாது. ‘இன்றைய நிலை’ என்ற வரியை விட்டுவிட்டாலும் கதை முடிந்தது. பன்னிரண்டு வாரம் கழித்து முன்னேறினாரா என்று இருவரும் ஞாபகத்தை வைத்துச் சண்டை போட வேண்டியதுதான்.

அளவுகோலுக்கு ஒரு காவலும் வேண்டும். பழுது எண்ணிக்கையைக் குறை என்று சொன்னால், அதைக் குறைக்கச் சுலபமான வழி செக்கிங் பெண்ணிடம், "கண்டுக்காத விடு" என்று சொல்வது. அதனால் செக்கிங் டேபிள் எண்ணோடு ஃபைனல் இன்ஸ்பெக்ஷன் எண்ணையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். முதலாவது இறங்கி இரண்டாவது இறங்காமல் நின்றால் யாரோ கண்ணை மூடிக்கொண்டிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

கற்பிக்கும் முறையை எங்கிருந்து எடுப்பது? இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கத் தொழிற்சாலைகளுக்குள் ஏராளமான புது ஆட்கள் வந்தபோது உருவான நான்கு படி முறை இன்றும் பழசாகவில்லை. ஆளைத் தயார்படுத்து, செய்து காட்டு, செய்யவிட்டுப் பார், தனியே விட்டு இடையிடையே போய்ப் பார். நம் சூப்பர்வைசர் இரண்டாவது படியில் தொடங்கி அங்கேயே நின்றுவிடுகிறார். ஆள் கணக்கை, கம்பெனியில் நேர ஆய்வு செய்கிற இன்ஜினியர் தினமும் காலை அரை மணி நேரம் என்று இரண்டு வாரத்தில் லைனிலேயே கற்றுக்கொடுத்துவிடலாம். ஹோட்டல் ஹாலில் வகுப்பு தேவையில்லை.

எல்லாப் படிவத்திலும் காணாமல் போகிற ஒரு பத்தி இருக்கிறது: கம்பெனி என்ன தரும்? ஜார்ஜ் டோரன் என்பவர் 1981-இல் ஸ்மார்ட் இலக்கு என்ற சொல்லை எழுதியபோது, அதன் ஆங்கில எழுத்துகளில் ஒன்று ‘இது யாருடைய பொறுப்பு’ என்பதைக் குறித்தது. பிறகு வந்தவர்கள் அதை ‘எட்டக்கூடியது’ என்று மாற்றிவிட்டார்கள். யார் செய்வது என்ற கேள்வி நழுவிவிட்டது. நம் தாளில் அது கட்டாயம் வேண்டும், ஏனென்றால் பீஸ் ரேட் கூலிக்காரர் கழுத்து ரிப் பழகுகிற நாட்களில் அவர் கூலி குறையும். வீட்டு வாடகை குறையாது. "அக்கா, எனக்கு சைடே போதும்" என்று சொல்லிவிடுவார், சொல்வதில் நியாயமும் இருக்கிறது. எனவே, ‘பழகும் நாட்களில் அவரது வழக்கமான சராசரிக் கூலியைக் கம்பெனி தரும், தினம் ஒரு மணி நேரம் பழக விடப்படும், அதனால் குறையும் உற்பத்திக்கு சூப்பர்வைசரைக் கேட்கமாட்டோம்’ என்று மேனேஜர் கையெழுத்தோடு எழுத வேண்டும். இந்த வரிக்குச் சம்மதிக்காத கம்பெனியில் மேலே சொன்ன இரண்டாவது இலக்கை எழுதவே வேண்டாம். அது பொய்யாகிவிடும்.

இந்தத் தாளைச் சம்பள உயர்வுப் பேச்சோடு சேர்க்காமலிருப்பதும் நல்லது. சேர்த்தால் அடுத்த முறை யாரும் தன் குறையை வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள்.

திட்டம் செத்துக்கொண்டிருக்கிறதா என்று கண்டுபிடிக்க, இரு வாரக் குறிப்புகளைப் புரட்டினால் போதும். ‘நடந்துகொண்டிருக்கிறது’ என்று இரண்டு முறை தொடர்ந்து எழுதியிருந்தால் மேனேஜர் லைனில் போய் நிற்கவில்லை. ‘வகுப்பில் கலந்துகொண்டார்’ என்று இருந்தால், வருகைப் பதிவேட்டைத் திறனாக எண்ணிவிட்டார்கள். உயிரோடு இருக்கிற திட்டத்தின் குறிப்பில் எண்ணும் இடமும் இருக்கும்: ‘5 தேக்கத்தில் 2. இரண்டு முறை தானே தைத்தார், இரண்டும் மதியத்துக்கு மேல்.’ மதியத்துக்கு மேல் ஏன் என்று அங்கிருந்து பேச்சைத் தொடங்கலாம்.

பன்னிரண்டாவது வாரம் நினைத்தபடியே முடியும் என்று சொல்ல முடியாது. ரிப் பழகிய இருவரில் ஒருவர், அதே தொழில் கையில் இருக்கிற தைரியத்தில் வேறு கம்பெனிக்குப் போய்விடலாம். திருப்பூரில் இது அன்றாடம் நடப்பது. அப்போது தாளில் ‘4’ வராது, 3 என்றே எழுத வேண்டும், காரணத்தோடு. கழுத்து ரிப் முன்னால் குவியல் கரைந்ததும் அது பாட்டம் பிளாட்லாக்குக்கு நகர்ந்திருக்கும். அங்கே சூப்பர்வைசர் மெஷினில் உட்கார்ந்திருக்கிறாரா, கையில் ஸ்டாப்வாட்சோடு நிற்கிறாரா என்பதைத்தான் மேனேஜர் அன்றைய மூன்று மணி நேரத்தில் எழுதிக்கொள்ள வேண்டும்.