பிகு பண்ணினால் பிடிக்குமா?

பிடித்திருந்தாலும் காட்டிக்கொள்ளாமல் பிகு பண்ணினால்தான் மதிப்பு என்பார்கள். அமெரிக்க உளவியலாளர் எலெய்ன் வால்ஸ்டர் குழுவினரும் அப்படித்தான் எதிர்பார்த்தார்கள். ஆனால் முதல் சோதனைகள் எதுவும் அதை உறுதிசெய்யவில்லை.

1973இல் வெளியான அவர்களது ஆய்வில், கல்லூரி மாணவர்களுக்கு ஐந்து பெண்களின் விவரங்கள் தரப்பட்டன. ஒருத்தி எல்லா ஆண்களுக்கும் நல்ல மதிப்பெண் போட்டிருந்தாள். இன்னொருத்தி யாரிடமும் ஆர்வம் காட்டவில்லை. மூன்றாமவளோ மற்றவர்களை ஒதுக்கி, படிக்கும் மாணவனுக்கு மட்டும் உயர்ந்த மதிப்பெண் தந்திருந்தாள். மற்ற இருவரின் மதிப்பெண்கள் காட்டப்படவில்லை.

பெரும்பாலோர் மூன்றாமவளையே தேர்ந்தெடுத்தார்கள்.

தன்னைப் பிடித்திருக்கிறது என்று தெரிந்ததும் நிராகரிப்பு பயம் போய்விடுகிறது. அவள் கறாரானவள் என்பதால் அந்த விருப்பத்துக்கு மதிப்பும் கூடுகிறது. எல்லோரிடமும் விலகி நின்றவளுக்கு அதனால் எந்த லாபமும் கிடைக்கவில்லை.