சாட்டில் முடியாத கேள்விகள்

சென்னையில் ஐ.டி. வேலை மாறும் ஒருவருக்கு 90 நாள் நோட்டீஸ். புது நிறுவனமோ 45 நாளில் சேரச் சொல்கிறது. மீதி 45 நாளுக்கான தொகையைப் பழைய நிறுவனத்துக்கு யார் கட்டுவது? "பை-அவுட் உண்டு" என்று ரெக்ரூட்டர் வாட்ஸ்அப்பில் ஒரே வரியில் பதில் அனுப்புகிறார். அந்த வரியை நம்பி ராஜினாமா செய்யக் கூடாது.

முழுத் தொகையும் கிடைக்குமா, அதற்கு வரம்பு உண்டா? முதல் சம்பளத்தோடு வருமா? ஒரு வருடத்துக்குள் விலகினால் திருப்பிக் கட்ட வேண்டுமா? ஒவ்வொரு பதிலும் அடுத்த கேள்வியை மாற்றிவிடும். பழைய நிறுவனம் பை-அவுட்டுக்கே சம்மதிக்காவிட்டால், சேரும் தேதியைத் தள்ளிவைப்பார்களா என்பதுதான் முதல் கேள்வியாகிவிடும். சாட்டில் நான்கு கேள்வி கேட்டால், எளிதான ஒன்றுக்குத்தான் பெரும்பாலும் பதில் வரும்.

அதனால் போனில் பேசக் கேளுங்கள். விஷயம், காரணம், நேரம் மூன்றும் இருந்தால் போதும்: "வணக்கம். நோட்டீஸ் பை-அவுட், சேரும் தேதி பற்றிச் சில கேள்விகள். ஒன்றுக்கொன்று தொடர்புடையவை என்பதால் போனில் பேசினால் நல்லது. நாளை மாலை 6 மணிக்கு மேல் 15 நிமிடம் பேச முடியுமா?" வெறுமனே "கால் பண்ணலாமா?" என்று கேட்டால், ரெக்ரூட்டர் எச்.ஆரிடம் விசாரிக்காமலேயே பேச வருவார். "கேட்டுச் சொல்கிறேன்" என்பதோடு பேச்சு நின்றுவிடும்.

பேசி முடித்த அன்றே, சொன்னவற்றை மின்னஞ்சலில் எழுதி அனுப்பி, "சரிதானே?" என்று கேளுங்கள். ஆஃபர் லெட்டரிலும் அது இடம்பெற்ற பிறகே ராஜினாமா.